நிரந்தர வைப்பை முறிக்காமல் அதன் பேரில் கடன்: கடிதத்தில் தொகையையும் காலத்தையும் எப்படி எழுதுவது?

அமராவதிக்கரை · 16.08.2025, காலை 9.40

அனைவருக்கும் வணக்கம். என் பெயரிலும் அம்மா பெயரிலும் சேர்த்து, 4,00,000 ரூபாயை 12.06.2023 அன்று மூன்றாண்டு நிரந்தர வைப்பாகப் போட்டிருக்கிறோம். வட்டி ஏழு சதவீதம். வட்டியை இடையில் எடுக்காமல் முதலோடு சேர்ந்துகொள்ளும் வகை. முதிர்வு நாள் 12.06.2026. இப்போது தம்பியின் கல்லூரிக் கட்டணத்திற்கும் விடுதிக் கட்டணத்திற்குமாக 1,50,000 ரூபாய் தேவைப்படுகிறது. நான் கட்டி வரும் பதிவு பெற்ற சீட்டு ஜனவரி இரண்டாம் வாரத்தில் முடிந்து அந்தத் தொகை கைக்கு வந்துவிடும். ஆகவே, ஐந்து மாதத்திற்கு மட்டுமே பணம் வேண்டும்.

வைப்பை முறிக்க மனம் வரவில்லை. கிளைக்குக் கொடுப்பதற்காக ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன்: "எனது நிரந்தர வைப்பை ஈடாகக் கொண்டு எனக்கு ஒரு குறிப்பிட்ட தொகையைக் குறுகிய காலத்திற்குக் கடனாக வழங்கி உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." எழுதி முடித்த பிறகு, இதில் எந்த விவரமுமே இல்லை என்பது எனக்கே தெரிந்தது. தொகையை எப்படிக் குறிப்பிடுவது, ஐந்து மாதம் என்று மட்டும் எழுதினால் போதுமா, தேவைக்கு மேல் கூடுதலாகக் கேட்டு வைக்கலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

---

சில்லறைக்கணக்கு · 16.08.2025, காலை 10.15

இதற்குக் கடிதமே தேவையில்லை, சகோதரி. பல வங்கிகளின் செயலியில் வைப்புக் கணக்கைத் திறந்தாலே அதன் பேரில் மிகைப்பற்று, அதாவது ஓவர்டிராஃப்ட், வாங்கும் வசதி இருக்கிறது. செலவும் மிகக் குறைவு. வைப்புக்கு ஏழு சதவீதம் கிடைக்கிறது, கடனுக்கு எட்டு சதவீதம் கட்டுகிறீர்கள். வித்தியாசம் ஒரே ஒரு சதவீதம். ஒன்றரை லட்சத்துக்கு ஐந்து மாதத்தில் 625 ரூபாய். ஒரு நாள் குடும்பத்தோடு உணவகத்துக்குப் போனால் ஆகும் செலவுதான். யோசிக்காமல் வாங்குங்கள்.

---

ஓய்வுபெற்ற வங்கியர் · 16.08.2025, காலை 11.32

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிளைகளில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். செயலியில் கடன் வாங்கும் வழி உண்டு என்பது சரியே. ஆனால் வைப்பு இரண்டு பேர் பெயரில் இருக்கும்போது அந்த வழி பெரும்பாலும் திறப்பதில்லை. "யாரேனும் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்று கணக்கில் எழுதியிருந்தாலும், அது முதிர்வுத் தொகையைப் பெறுவதற்கான ஏற்பாடே தவிர, வைப்பை ஈடு வைப்பதற்கு இருவரும் கையொப்பமிட வேண்டும் என்றே வங்கிகள் கேட்கும். ஆகையால் உங்கள் அம்மாவையும் கிளைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் வர இயலாதவர் என்றால் அதை முன்கூட்டியே மேலாளரிடம் சொல்லி வையுங்கள். நான் பார்த்த வரையில், இந்த ஒரு காரணத்துக்காகவே மக்கள் இரண்டு முறை, மூன்று முறை கிளைக்கு அலைவார்கள்.

இனி உங்கள் கேள்வி. தொகையைப் பொறுத்தவரை எழுத்தாலும் எண்ணாலும் ஒரே தொகையை எழுதுங்கள். "வரை", "சுமார்", "அல்லது தாங்கள் அனுமதிக்கும் தொகை" போன்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். பல வங்கிகளில் வைப்பின் மதிப்பில் தொண்ணூறு சதவீதம் வரை கடன் கிடைக்கும். சில எழுபத்தைந்திலோ எண்பத்தைந்திலோ நின்றுவிடும். உங்கள் வைப்பின் தொண்ணூறு சதவீதம் 3,60,000 ரூபாய். சில வங்கிகள் சேர்ந்துவிட்ட வட்டியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும், அப்படியானால் இதைவிடக் கூடும். நீங்கள் கேட்பது அதில் பாதியை எட்டவில்லை. எனவே தகுதி குறித்த சந்தேகமே இங்கே எழாது. தகுதி இருக்கிறது என்பதற்காக முழுத் தொகையையும் கேட்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

கவனம் தேவைப்படுவது காலத்தில்தான். "ஐந்து மாதம்" என்று நீங்கள் எழுதினால், கிளை அலுவலர் அப்படியே பதிவு செய்துவிடவும் கூடும். ஜனவரி 20 அன்று உங்கள் சீட்டுப் பணம் வராமல் பத்து நாள் தள்ளிப் போனால், அந்தப் பத்து நாளும் தவணை தாண்டிய கடனாகக் கணினியில் நிற்கும். ஈடாக வைப்பு இருப்பதால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. வைப்பின் மதிப்பில் போதிய மார்ஜின் இருக்கும் வரை அது வாராக்கடனாகக் கருதப்பட வேண்டியதில்லை என்பதே ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் தாமதக் கட்டணமும் தேவையற்ற தொலைபேசி அழைப்புகளும் வரலாம். ஆகவே, கடன் காலத்தை முதிர்வு நாள் வரை கேளுங்கள்; முன்கூட்டியே திருப்பிச் செலுத்த நினைப்பதைத் தனி வாக்கியமாகச் சொல்லுங்கள். பொதுவாக இவ்வகைக் கடனை எந்த நாளிலும் கட்டி முடிக்கலாம், அதற்குத் தண்டம் கிடையாது; அதையும் உங்கள் வங்கியில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முதிர்வு நாளைத் தாண்டிய காலத்தை மட்டும் ஒருபோதும் கேட்காதீர்கள். ஈடே அன்றோடு முடிந்துவிடுவதால், அந்தக் கடிதம் அப்படியே திரும்பி வரும்.

---

வரிப்பக்கம் · 16.08.2025, பிற்பகல் 1.05

சில்லறைக்கணக்கு சொன்ன 625 ரூபாய் பாதி உண்மை. வைப்பின் வட்டிக்கு நீங்கள் வரி கட்ட வேண்டும். கட்டும் வட்டியை அதில் கழித்துக்கொள்ள முடியாது என்பதே பொதுவான நிலை. இருபது சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, செஸ் என்ற கூடுதல் வரியையும் சேர்த்தால் 20.8 சதவீதம் போய்விடும். ஏழு சதவீத வட்டியில் கையில் நிற்பது சுமார் ஐந்தரை சதவீதமே. எட்டு கொடுத்து ஐந்தரை பெறும் நிலையில், ஐந்து மாதத்துக்கு உண்மைச் செலவு 625 அல்ல, ஏறத்தாழ 1,535 ரூபாய்.

---

சில்லறைக்கணக்கு · 16.08.2025, பிற்பகல் 1.22

நண்பரே, 2025–26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை இருப்பவர்களுக்கு வரியே இல்லையே. சகோதரியின் வருமானம் அதற்குள் என்றால் என் கணக்கே சரியானது.

---

வரிப்பக்கம் · 16.08.2025, பிற்பகல் 1.50

சம்பளமும் வட்டியும் சேர்ந்து அந்த வரம்புக்குள் இருந்து, அவர் புதிய முறையைத் தேர்ந்திருந்தால் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "ஒரு சதவீதம்தான்" என்பதையும் எல்லா வங்கிக்கும் பொருத்த வேண்டாம். வைப்பு வட்டியின் மேல் அரை சதவீதம் கேட்கும் வங்கியும் உண்டு, இரண்டு சதவீதம் கேட்கும் வங்கியும் உண்டு. வைப்பு ஒருவர் பெயரிலும் கடன் இன்னொருவர் பெயரிலும் இருந்தால் அது மேலும் ஏறும்.

கட்டும் வட்டியைக் கழிக்க முடியுமா என்பதில், தீர்ப்பாயங்களில் வரி செலுத்துவோருக்குச் சாதகமான உத்தரவு வந்த சந்தர்ப்பமும் உண்டு. வைப்பை முறிக்காமல் காப்பாற்றவே கடன் வாங்கினேன், ஆகவே அந்த வட்டி வருமானத்தை ஈட்டுவதற்கான செலவு என்ற வாதம் அங்கே ஏற்கப்பட்டது. ஆனால் கல்விக் கட்டணத்துக்காக வாங்கிய கடனுக்கு அதை நம்பிக் கழிப்பவர், விசாரணை வந்தால் வாதாடத் தயாராக இருக்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய் வட்டிக்காக நான் அந்த வழியில் போகமாட்டேன்.

---

பொன்னி · 16.08.2025, மாலை 4.10

எனக்கும் இதே தேவை. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரிச் சலுகைக்காகப் போட்ட ஐந்தாண்டு வைப்பு ஒன்று வைத்திருக்கிறேன். அதில் இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது. அதன் பேரில் கடன் கேட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா? நானும் இப்படியே கடிதம் எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

---

ஓய்வுபெற்ற வங்கியர் · 16.08.2025, மாலை 5.02

பொன்னி அம்மா, அந்த வைப்பு முற்றிலும் வேறு. வரிச் சலுகைக்கான ஐந்தாண்டு வைப்பை ஈடு வைக்கவும் முடியாது, காலத்துக்கு முன் முறிக்கவும் முடியாது. 2006-ஆம் ஆண்டுத் திட்ட விதியிலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது. எந்தக் கிளை மேலாளரும் அதை மாற்ற முடியாது. உங்கள் ரசீதின் மேற்பகுதியில் வரிச் சேமிப்பு என்ற குறிப்பு இருக்கும், பார்த்துவிட்டு வேறு வழி தேடுங்கள். நகை இருந்தால் நகைக்கடனைப் பற்றி விசாரியுங்கள்.

அமராவதிக்கரை அவர்களே, உங்கள் ரசீதிலும் இந்தக் குறிப்பு இல்லை என்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்றாண்டு வைப்பு என்பதால் இருக்காது.

---

அமராவதிக்கரை · 18.08.2025, இரவு 8.20

அனைவருக்கும் நன்றி. இன்று கிளைக்குச் சென்றேன். அம்மா வரவில்லை, விவரம் கேட்பதற்காக மட்டுமே போனேன். முகப்பில் இருந்த இளம் அலுவலர், "முறித்து மீதியை மறுபடியும் போட்டுவிடலாமே, அது சுலபம், கடன் என்றால் எழுத்து வேலை நிறைய" என்றார். முறித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டதும், 26 மாதத்துக்கு உரிய வட்டி கணக்கிடப்படும், அதிலிருந்து அரை சதவீதம் கழியும் என்று சொன்னார். வைப்பு தொடங்கிய நாளில் இரண்டு ஆண்டுக்கு மேல் மூன்று ஆண்டுக்குள் இருந்த வைப்புக்கான வட்டி 6.8 சதவீதமாம். இதில் முறிப்பதே நல்லதா என்ற குழப்பம் இப்போது வந்துவிட்டது. வருமானத்தைப் பொறுத்தவரை நான் பன்னிரண்டு லட்சத்துக்கு வெகு கீழேதான் இருக்கிறேன்.

---

ஓய்வுபெற்ற வங்கியர் · 18.08.2025, இரவு 9.45

அவர் சொன்ன விதி சரியே. சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பொறுமையாகக் கணக்குப் பார்ப்போம்.

வைப்பு இதுவரை ஓடிய 26 மாதத்துக்கு ஏழு சதவீதத்தில், காலாண்டுக்கு ஒருமுறை வட்டி சேரும்படி பார்த்தால், இன்று அதன் மதிப்பு ஏறத்தாழ 4,64,900 ரூபாய். முறித்தால் 6.8-இல் அரை சதவீதம் போக 6.3 சதவீதமே கிடைக்கும். அந்த மதிப்பு ஏறத்தாழ 4,58,000. ஆக, உடனே கையைவிட்டுப் போவது சுமார் 6,900 ரூபாய். இந்தத் தொகை நீங்கள் எடுக்கும் ஒன்றரை லட்சத்துக்காக மட்டும் போவதில்லை. நீங்கள் தொடாத மூன்று லட்சத்தின் வட்டியும் சேர்ந்து குறைகிறது. வைப்பை முறிப்பதில் மக்கள் தவறவிடும் இடம் இதுதான்.

அதோடு நிற்கவில்லை. மீதமுள்ள 3,08,000 ரூபாயைத் திரும்பப் போடும்போது பழைய ஏழு சதவீதம் கிடைக்காது. இந்த ஆண்டு பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று முறை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியைக் குறைத்து 6.5-இலிருந்து 5.5-க்குக் கொண்டுவந்துவிட்டது, வைப்பு வட்டியும் கூடவே இறங்கியிருக்கிறது. பத்து மாதத்துக்கு இன்று ஆறு சதவீதம் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரு சதவீதக் குறைவில் மேலும் சுமார் 2,500 ரூபாய் போகும்.

மறுபக்கம், கடன் வாங்கினால் எட்டு சதவீதத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய் 88 காசு வட்டி. ஐந்து மாதத்துக்கு ஏறத்தாழ 5,000 ரூபாய். அந்த ஐந்து மாதமும் உங்கள் வைப்பு ஏழு சதவீதத்தில் ஓடிக்கொண்டிருப்பதால் அந்த ஐயாயிரத்தில் பெரும்பகுதி திரும்பி வருகிறது. வரி கட்டாத நிலையில் சில்லறைக்கணக்கு சொன்ன 625-ஐ உங்களைப் பொறுத்தவரை ஏற்றுக்கொள்ளலாம்.

இந்த விடை எல்லோருக்கும் பொருந்தாது. உங்கள் வைப்பு முப்பது நாளுக்கு முன் போட்டதாக இருந்தால், முறிப்பதால் போவது இதைவிட மிகக் குறைவே. அப்போது முறிப்பதையும் எண்ணிப் பார்க்கலாம். பணம் முதிர்வு நாள் வரை முழுவதுமாகத் தேவைப்பட்டு, வரி வரம்பும் உயரமாக இருந்தால், அப்போதும் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். உங்களுடைய வைப்போ நீண்ட காலம் ஓடிவிட்டது, தேவை குறுகியது, எடுக்கும் பங்கும் சிறியது. இந்த மூன்றும் சேரும்போது கடன் பக்கமே தராசு சாய்கிறது.

---

நாகூர் வாசி · 19.08.2025, காலை 7.55

இங்கே யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன், என் சொந்த அனுபவம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வங்கியில் இதே போலக் கடன் வாங்கி, முழுவதும் கட்டி முடித்து, "கணக்கு முடிந்தது" என்ற குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. நானும் மறந்துவிட்டேன். பதினோரு மாதம் கழித்து வைப்பு முதிர்ந்த நாளில் பணம் சேமிப்புக் கணக்குக்கு வரவில்லை. விசாரித்தபோது, கடன் முடிந்தும், கடனுக்காக வைப்பின் மேல் வங்கி போட்ட லீன் என்ற பிடிப்பு கணினியில் அப்படியே இருந்தது தெரிந்தது. அதை எடுக்கத் தலைமை அலுவலகத்துக்கு எழுதி, நான்கு நாள் ஆயிற்று. மகள் திருமணத்துக்கு மண்டபத்தில் முன்பணம் கட்ட வேண்டிய வாரம் அது.

அதற்குப் பிறகு நான் செய்வது ஒன்றே. கடனைக் கட்டி முடித்த அன்றே, "லீன் நீக்கப்பட்டது" என்று எழுதித் தரச் சொல்கிறேன்; அல்லது செயலியில் வைப்புக் கணக்கைத் திறந்து லீன் தொகைக்கு எதிரே சுழி காட்டுகிறதா என்று பார்க்கிறேன். மூல ரசீதை வங்கி வாங்கி வைத்திருந்தால் அதையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

---

சில்லறைக்கணக்கு · 19.08.2025, காலை 9.30

இது நல்ல அறிவுரை, ஐயா. நான் எப்போதும் செயலியில் வாங்கி செயலியிலேயே முடித்துவிடுவதால் எனக்கு இது தோன்றவே இல்லை.

சகோதரி, ஒன்றரை லட்சத்தை ஒரே தடவையாக வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. கடனாக வாங்காமல் மிகைப்பற்று வசதியாகக் கேளுங்கள். இரண்டு லட்சம் எல்லை கேட்டு வையுங்கள். கட்டணம் கட்டும் நாளில் எவ்வளவு எடுக்கிறீர்களோ அந்தத் தொகைக்கு அந்த நாள் முதல்தான் வட்டி. நடுவில் சம்பளம் வரும்போது அந்தக் கணக்கில் போட்டுவைத்தால் அன்றைக்கே வட்டி குறையும். திடீரென்று வேறு செலவு வந்தாலும் எல்லை காலியாக இருக்கும்.

---

ஓய்வுபெற்ற வங்கியர் · 19.08.2025, காலை 11.10

கணக்கின்படி அவர் சொல்வது சரி. நான் மாற்றுக் கருத்துச் சொல்வது அனுபவத்தால். மிகைப்பற்று எல்லை இரண்டு லட்சம் என்றால், கையில் ஐம்பதாயிரம் காலியாக இருக்கிறது என்ற எண்ணம் மாதக் கடைசியில் மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நான் கிளையில் பார்த்திருக்கிறேன். ஜனவரியில் ஒன்றரை லட்சம் கட்ட வந்தவர், எடுத்துப் பழகிய ஐம்பதாயிரத்தையும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு நிற்பார். ஒரே தடவையில் கொடுக்கும் தேவைக் கடனில் அந்த வாசலே இல்லை: தொகை ஒன்று, வாங்கும் நாள் ஒன்று, கட்டும் நாள் ஒன்று.

மறுபக்கம், கல்லூரி இரண்டு தவணையாகக் கட்டணம் கேட்டால் மிகைப்பற்று நிச்சயம் லாபம். இது கல்லூரியைப் பொறுத்தது. முதலில் அதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

---

சில்லறைக்கணக்கு · 19.08.2025, பகல் 12.04

தன்னைக் கட்டுப்படுத்த முடியாதவர்களுக்காக எல்லோருக்கும் வாசலை மூட வேண்டுமா, ஐயா? நான் ஆறு வருடமாக மிகைப்பற்றையே வைத்திருக்கிறேன், ஒரு முறைகூடத் தவறியதில்லை.

---

ஓய்வுபெற்ற வங்கியர் · 19.08.2025, பகல் 12.40

உங்களுக்கு ஒத்துவருகிறது, மகிழ்ச்சி. நான் என் கருத்தை வலியுறுத்தவில்லை, இருவகையும் உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

இனி கடிதத்துக்கு வருகிறேன். அமராவதிக்கரை அவர்கள் எழுதிய முதல் வரைவின் குறை, அதில் வைப்புக் கணக்கின் எண்ணே இல்லாதது. ஒருவருக்கு இரண்டு மூன்று வைப்புகள் இருந்தால், "எனது வைப்பை ஈடாகக் கொண்டு" என்பதைப் பார்க்கும் அலுவலர் தனக்குக் கண்ணில் படும் முதல் வைப்பின் மேல் லீன் போட்டுவிடுவார். அது நாளை மறுநாள் முதிரும் வைப்பாகவும் இருந்துவிடலாம். ஆகவே வைப்பு எண், தொகை, தொடங்கிய நாள், முதிர்வு நாள் நான்கையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். மொத்தத்தில் இப்படி எழுதலாம்:

> அனுப்புநர்:
> (இருவர் பெயரும், முகவரி)
>
> பெறுநர்:
> கிளை மேலாளர் அவர்கள்,
> (வங்கியின் பெயர், கிளை)
>
> நாள்: ……
>
> பொருள்: வைப்பு எண் ……-இன் பேரில் 1,50,000 ரூபாய் கடன் கோருதல் குறித்து.
>
> ஐயா,
>
> தங்கள் கிளையில் 12.06.2023 அன்று எங்கள் இருவர் பெயரிலும் தொடங்கப்பட்டு 12.06.2026 அன்று முதிரவுள்ள 4,00,000 ரூபாய் நிரந்தர வைப்பை (எண் ……) முறிக்காமல், அதனை ஈடாகக் கொண்டு 1,50,000 ரூபாய் (ரூபாய் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் மட்டும்) கடனாக வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.
>
> கடனின் காலத்தை மேற்படி வைப்பின் முதிர்வு நாளாகிய 12.06.2026 வரை என்று பதிவு செய்யக் கோருகிறோம். எனினும் கடன் தொகையையும் அதுவரையிலான வட்டியையும் 20.01.2026-க்குள் முழுமையாகச் செலுத்திவிட எண்ணியுள்ளோம். மாதாந்திர வட்டியை எனது சேமிப்புக் கணக்கு எண் ……-இலிருந்து பற்று வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறோம்.
>
> கடன் தொகையை மேற்குறித்த சேமிப்புக் கணக்கில் வரவு வைக்குமாறும், கடனுக்கான வட்டி விகிதம், லீன் போடப்படும் தொகை ஆகியவற்றை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், கடன் முடிந்த நாளில் லீனை நீக்கி அதனை உறுதி செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.
>
> இப்படிக்கு,
> (இருவர் கையொப்பமும்)

இதில் "வட்டியைப் பற்று வைத்துக்கொள்ள" என்ற வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வட்டியைக் கட்டாமல் விட்டால் அது கடன் தொகையிலேயே சேர்ந்து, அதற்கும் வட்டி ஓடும். உங்கள் அளவில் ஐந்து மாதத்தில் அறுபது எழுபது ரூபாய்தான் கூடும். ஆனால் ஜனவரியில் 1,50,000-ஐ எடுத்துக்கொண்டு போய் கட்டும்போது இன்னும் ஐயாயிரம் சொச்சம் பாக்கி என்று கேட்டால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். மாதம் சுமார் ஆயிரம் ரூபாய் சேமிப்புக் கணக்கில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் ஜனவரியில் கடைசி சில நாள் வட்டி மட்டும் சேரும்.

எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்வதைக் கிளையில் சற்று முகம் சுளித்தே ஏற்பார்கள். கேளுங்கள், தவறில்லை.

---

வரிப்பக்கம் · 19.08.2025, பிற்பகல் 2.15

கடிதம் நன்றாக இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்க்கச் சொல்வேன்: கடனின் நோக்கம். "தம்பியின் கல்லூரிக் கட்டணத்திற்காக" என்று ஒரு வரி எழுதினால் மேலாளர் கேட்கும் முதல் கேள்விக்கே விடை கிடைத்துவிடும்.

மேலும், வைப்பின் வட்டிக்கு வங்கி வரி பிடிக்குமா என்று யாரேனும் கேட்கக்கூடும். ஒரு வங்கியில் உங்கள் மொத்த வைப்பு வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் பிடிப்பார்கள். 2025 ஏப்ரல் முதல் இந்த எல்லை. மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம். இந்த ஒரு வைப்பின் ஆண்டு வட்டி சுமார் முப்பத்திரண்டாயிரம்தான் வரும். கடன் வாங்கியதால் இதில் எந்த மாற்றமும் இல்லை.

---

ஓய்வுபெற்ற வங்கியர் · 19.08.2025, பிற்பகல் 2.50

நோக்கத்தை எழுதலாம், எழுதாவிட்டாலும் பொதுவாகத் தடையில்லை. என் நாளில் பங்குச்சந்தையில் போடவா என்று கேட்பது உண்டு. "குடும்பத் தேவை" என்ற இரண்டு சொல்லே போதும் என்பது என் எண்ணம்; விரிவாக எழுதுவது அவரவர் விருப்பம்.

---

அமராவதிக்கரை · 21.08.2025, இரவு 9.15

நேற்று அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய், இங்கே கொடுத்த வரைவிலேயே நோக்கத்தையும் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்தோம். கல்லூரியில் விசாரித்ததில் கட்டணம் முழுவதும் ஒரே தவணை என்றார்கள், ஆகவே தேவைக் கடனாகவே கேட்டேன். முகப்பில் இருந்தவர் படித்துவிட்டு, "முதிர்வு நாள் வரை என்று எழுதிவிட்டு ஜனவரியில் கட்டுவேன் என்றும் எழுதியிருக்கிறீர்களே, எதைப் பதிவு செய்வது?" என்று கேட்டார். பதிவு செய்வது முதிர்வு நாள், ஜனவரி என்பது எங்கள் விருப்பம் மட்டும் என்று சொன்னதும் புரிந்துகொண்டார். ரசீதின் பின்புறம் வருவாய் வில்லை ஒட்டி இருவரும் கையொப்பமிட்டோம், கேட்டதும் கடனைத் திருப்பித் தருவதாக உறுதி கூறும் ஒரு டி.பி. நோட்டிலும் கையொப்பம் வாங்கினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பணம் சேமிப்புக் கணக்கில் வந்துவிட்டது. செயலாக்கக் கட்டணம் எதுவும் இல்லை. வட்டி எட்டு சதவீதம் என்று உறுதிக் கடிதத்தில் இருக்கிறது.

ஒரு சந்தேகம். இன்று செயலியில் பார்த்தால் லீன் 4,00,000 என்று காட்டுகிறது. நாங்கள் கேட்டது ஒன்றரை லட்சம். மேலாளரிடம் கேட்டதற்கு, எங்கள் வங்கியில் வைப்பு முழுவதும்தான் லீனில் வரும், பகுதியாகப் போடக் கணினியில் வழி இல்லை என்றார். இது சரிதானா?

---

நாகூர் வாசி · 21.08.2025, இரவு 9.50

எனக்கும் முழுத் தொகைக்குத்தான் போட்டார்கள். என் மைத்துனர் வேறு வங்கியில் வாங்கியபோது கடன் தொகையோடு கொஞ்சம் சேர்த்து மட்டும் காட்டியது. வங்கிக்கு வங்கி வேறுபடுகிறது போல.

---

ஓய்வுபெற்ற வங்கியர் · 21.08.2025, இரவு 10.20

இரண்டு பழக்கமும் உண்டு. முழுவதும் போட்டாலும் வட்டி ஓடுவதில் மாற்றமில்லை. நடைமுறையில் உங்களுக்குச் சிக்கல் வரக்கூடியது இரண்டு இடத்தில்: அதே வைப்பின் பேரில் வேறு கடன் கேட்டால் இதை முடிக்கச் சொல்வார்கள், வைப்பை அவசரமாக முறிக்க நேர்ந்தால் முதலில் கடனைக் கழித்துக்கொண்டே மீதியைத் தருவார்கள்.

முதிர்வுக்குத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு உங்கள் வைப்பில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஜனவரியில் கட்டி முடித்துவிட்டால் பிரச்சினையே இல்லை. ஒருவேளை ஜூன் 12 வரை கடன் நின்றால், அன்று வங்கி தன் பாக்கியை முதலில் எடுத்துக்கொள்ளும், புதுப்பிப்பது மீதியை வைத்தா, இல்லை சேமிப்புக் கணக்கில் சேர்ப்பதா என்பதை நீங்கள் முன்கூட்டி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

---

அமராவதிக்கரை · 22.08.2025, காலை 8.05

தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஜனவரியில் லீன் நீக்கத்தைக் கேட்கப் போகும்போதே இதைப் பற்றியும் பேசிக்கொள்கிறேன். முதல் மாத வட்டியாக, ஆகஸ்ட் முடிவில் பன்னிரண்டு நாளுக்கு 395 ரூபாய் பிடித்தம் ஆகும் என்று உறுதிக் கடிதத்தை வைத்து நானே கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றாம் தேதி பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.